செய்தி மேசையில் எது நிற்கிறது, எது விழுகிறது: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால், வாசகர் கூட்டங்களிலும் இதழியல் வகுப்புகளிலும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை வேறொன்றில் மறுபடி சொல்லாமல், முந்தைய பதிலைச் சுட்டியிருக்கிறேன்; ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

வந்த செய்தியை எல்லாம் அப்படியே போட்டுவிட வேண்டியதுதானே? தேர்ந்தெடுக்க இவர்கள் யார்?

எல்லாவற்றையும் போட இடம் கிடையாது. முழு அளவு நாளிதழின் ஒரு பக்கத்தில் எட்டுப் பத்திகள் இருக்கும். ஒவ்வொரு பத்தியும் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் உயரம். ஆக ஒரு பக்கத்தில் உள்ள மொத்த இடம் சுமார் 400 பத்தி சென்டிமீட்டர். செய்தி மேசைக்கு அந்தப் பக்கம் வெற்றிடமாக வருவதில்லை. விளம்பரப் பிரிவு தன் கட்டங்களைப் போட்டு முடித்த ‘டம்மி’தான் வருகிறது. அரைப் பக்க விளம்பரம் ஒன்று உட்கார்ந்துவிட்டால் மிச்சம் 200. அதில் தலைப்புகளும் படங்களும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், எழுத்துக்குக் கிடைப்பது 130 சென்டிமீட்டர் அளவுதான். நடுத்தரமான செய்தி ஒன்றுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் வேண்டும் என்றால் எட்டு அல்லது ஒன்பது செய்திகளோடு பக்கம் நிரம்பிவிடும். ஒரே ஒரு மாவட்டத்திலிருந்து அன்று வந்து குவிந்தவை அதைப்போல் பல மடங்கு இருக்கும்.

இணையதளத்தில் இடப் பஞ்சம் இல்லையே என்பார்கள். அங்கே பஞ்சம் இடத்துக்கு அன்று, முதல் திரைக்கு. கைப்பேசியைத் திறந்தவுடன் கண்ணில் படும் நான்கைந்து தலைப்புகளுக்குக் கீழே தள்ளப்பட்டவை பெயரளவில் வெளியானவையே தவிர, பெரும்பாலான வாசகர்களின் பார்வைக்கு வருவதில்லை.

கடைசியில் முடிவு செய்வது ஆசிரியர் ஒருவர்தானே?

இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் குடும்பங்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர் கர்ட் லெவின், ஓர் உணவுப் பொருள் கடையிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும் வரை பல வாயில்களைக் கடக்கிறது என்றும், ஒவ்வொரு வாயிலிலும் அதை உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்றும் கண்டார். செய்தியும் இவ்வாறே பயணப்படுகிறது என்று அவரே குறிப்பிட்டார். ஊடகவியலில் ‘வாயில்காப்போர்’ என்ற கருத்து அங்கிருந்து வந்ததுதான்.

நம் நாளிதழ்களில் முதல் வாயிலில் நிற்பவர் பெரும்பாலும் வட்டத் தலைநகரில் உள்ள பகுதிநேர நிருபர். அவருக்குப் பிறகு மாவட்ட நிருபர், டெஸ்க்கில் உதவி ஆசிரியர், செய்தி ஆசிரியர், பக்கத்தை அமைப்பவர், இரவுப் பொறுப்பாளர் என்று வரிசை நீள்கிறது. இவர்களில் மிக வலிமையானவர் கடைசியில் இருப்பவர் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் வலிமை முதல் வாயிலுக்கே அதிகம். எடுத்துக்காட்டாக, நகராட்சிக் கூட்டம் ஒன்றில் நாற்பது தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. இடையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்கிறார்கள். நிருபர் வெளிநடப்பைப் பன்னிரண்டு வரிகளில் எழுதி அனுப்பிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடுகிறார். குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தும் முப்பத்தோராவது தீர்மானம் அவருடைய குறிப்பேட்டிலேயே தங்கிவிடுகிறது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் செய்தி ஆசிரியர் அதை நிராகரிக்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. டெஸ்க்கில் விழும் செய்திக்கு ஒரு தடயமாவது இருக்கும். முதல் வாயிலில் விழுந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை.

எவ்வளவு செய்தி உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். 1949 பிப்ரவரியில், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த நகரம் ஒன்றின் காலை நாளிதழில், டேவிட் மேனிங் ஒயிட் என்ற ஆய்வாளர் ஒரு வார காலச் செய்தித் தேர்வை ஆராய்ந்தார். அந்தப் பத்திரிகையின் விற்பனை ஏறத்தாழ 30,000 பிரதிகள். ஏ.பி., யுனைடெட் பிரஸ், இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸ் ஆகிய மூன்று செய்தி நிறுவனங்கள் டெலிபிரிண்டரில் அனுப்பியவற்றிலிருந்து அன்றைய செய்திகளைத் தேர்ந்தெடுத்தவர், நாற்பது வயதுகளின் நடுவில் இருந்த, கால் நூற்றாண்டு அனுபவம் கொண்ட ஒரே மனிதர். அவருடைய உண்மைப் பெயரை வெளியிடாமல் ‘மிஸ்டர் கேட்ஸ்’ என்று ஒயிட் குறிப்பிட்டார். ஆய்வு 1950-இல் வெளியானது.

மிஸ்டர் கேட்ஸ் செய்தது எளிய காரியம், ஆனால் உழைப்பு மிகுந்தது. வழக்கமாகக் குப்பைக்கூடைக்குப் போகும் தாள்களையெல்லாம் அந்த ஒரு வாரம் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தார். இரவு வேலை முடிந்த பிறகும் அமர்ந்து, ஒவ்வொரு தாளிலும் ஏன் அதை விட்டேன் என்று கைப்பட எழுதினார். அந்த வாரம் வந்த செய்தி 11,910 பத்தி அங்குலம், அச்சேறியது 1,297. நூற்றுக்குப் பதினொன்று என்ற அளவில்தான் வாசகரைச் சென்றடைந்தது.

அவர் எழுதிய காரணங்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன. ஒன்று, செய்தியின் தகுதி பற்றியவை: சுவையில்லை, தெளிவில்லை, பிரசாரம் என்பன போன்றவை. மற்றொன்று, நல்ல செய்திதான், ஆனால் இடமில்லை அல்லது இதே நிகழ்வு பற்றி ஏற்கெனவே வேறொன்றைப் போட்டாயிற்று என்பவை. இதில் நேரத்துக்கு இருந்த பங்கையும் ஒயிட் கவனித்தார். இரவு ஏழரை, எட்டு மணிக்கு வந்திருந்தால் முதல் பக்கத்தில் இடம்பிடித்திருக்கக்கூடிய செய்தி, பதினொரு மணிக்கு வந்தால் மிச்சமிருந்த இடத்துக்குக்கூடத் தகுதியற்றதாகிவிட்டது. செய்தி அதேதான், பக்கம் நிரம்பிவிட்டது என்பது மட்டுமே வேறுபாடு.

அப்படியானால் அந்த ஒருவருடைய விருப்பு வெறுப்பைத்தானே ஊரே படித்தது?

அவருக்கு வெறுப்புகள் இருந்தன, மறைக்கவும் இல்லை. அதிபர் ட்ரூமனின் பொருளாதாரக் கொள்கை பிடிக்காது என்றார். ரோமாபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட, விளம்பரம் தேடும் சிறுபான்மைக் கூட்டம் என்று கத்தோலிக்கத் திருச்சபையைக் குறிப்பிட்டு, அவர்களுக்குத் தாம் பெரிதாக உதவுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதே வாரத்தில் ஹங்கேரியின் கம்யூனிச அரசு கார்டினல் மைண்ட்சென்டி மீது நடத்திய வழக்கு உலகச் செய்தியாக இருந்தது. நாடெங்கும் பத்திரிகைகள் அதைப் பெரிதாக வெளியிட்டன. செய்தி நிறுவனங்கள் அதன் எல்லாக் கோணங்களையும் எழுதிக் குவித்தன. எத்தனை வெறுப்பு இருந்தாலும் அத்தகைய அலையை ஒரு நகரத்து ஆசிரியர் தனியாக நிறுத்திவிட முடியாது. எல்லாருக்கும் தெரிந்த பெரிய செய்தியில் சொந்த விருப்புக்கு இடம் குறைவு. போட்டாலும் விட்டாலும் யாரும் கேட்காத நடுத்தரச் செய்தியில்தான் அது வேலை செய்கிறது.

இந்த ஆய்வுக்கு வேறொரு தொடர்ச்சியும் உண்டு. வகுப்பறைகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை. பால் ஹிர்ஷ் என்ற சமூகவியலாளர் 1977-இல் ஒயிட்டின் எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அரசியல், குற்றம், மனித ஆர்வச் செய்திகள் போன்ற வகைகளைச் செய்தி நிறுவனங்கள் எந்த விகிதத்தில் அனுப்பினவோ, பெரும்பாலும் அந்த விகிதத்தை ஒட்டியே மிஸ்டர் கேட்ஸின் தேர்வும் இருந்தது என்று காட்டினார். எந்தத் தாளை எடுப்பது என்பதில் அவருக்குச் சுதந்திரம் இருந்தது. எந்த வகைச் செய்தி எவ்வளவு என்பதை முன்கூட்டியே வேறு யாரோ வகுத்துவிட்டிருந்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் 16 நாளிதழ்களின் ஆசிரியர்களை ஆராய்ந்து 1956-இல் எழுதிய வால்டர் கீபரும், அவர்களை ஆட்டி வைத்தது கொள்கையைவிடக் கடைசி நேரக் கெடுவும் பக்கத்தை நிரப்பும் வேலையுமே என்று கண்டார். ஆகவே ‘இந்த ஆசிரியர் சார்புடையவர்’ என்ற குற்றச்சாட்டு பல நேரங்களில் உண்மையாகவே இருந்தாலும், அவருக்கு முன்னால் யார் எதை அனுப்பினார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால் பாதி உண்மைதான் கையில் இருக்கும்.

எங்கள் ஊர்ப் பிரச்சினை எங்கள் மாவட்டப் பதிப்பில் மட்டும் வருகிறது. சென்னையில் இருப்பவருக்கு ஏன் தெரியக்கூடாது?

மாவட்டப் பதிப்புகள் தமிழ் நாளிதழ்களின் பெரும் பலம். முன்பு ஒரு வரிகூடக் கிடைக்காத சிற்றூர்களுக்கு அவற்றால் பக்கம் கிடைத்தது. ஆனால் அதே ஏற்பாடு ஒரு வாயிலாகவும் ஆகிவிட்டது. நாகப்பட்டினத்தில் மீன்பிடித் துறைமுகம் தூர்ந்து போனதைப் பற்றிய செய்தி நாகைப் பக்கத்தில் நான்கு பத்தித் தலைப்போடு வந்துவிட்டால், கோரியவர்களுக்கும் திருப்தி, நிருபருக்கும் திருப்தி. முடிவெடுக்கும் அதிகாரி அமர்ந்திருக்கும் சென்னையில் அன்று காலை வாங்கிய பத்திரிகையில் அது இருக்காது. வெளியானதும் உண்மை, வெளியாகாததும் உண்மை.

மாவட்டப் பக்கத்திலிருந்து பொதுப் பக்கத்துக்குச் செய்தி ஏறுவதற்கு ஒரு தூண்டுதல் வேண்டியிருக்கிறது: உயிரிழப்பு, அமைச்சரின் வருகை, நீதிமன்ற உத்தரவு, அல்லது அண்மைக் காலமாக, சமூக வலைத்தளத்தில் பரவும் ஒரு காணொளி. மெதுவாக நடக்கும் கேடுகளுக்கு இப்படிப்பட்ட தூண்டுதல் அமைவதில்லை. நிலத்தடி நீர் உப்பாவதைப் பற்றி எந்த ஒரு நாளிலும் ‘இன்று நடந்தது’ என்று எழுத முடியாது.

விளம்பரம் கொடுப்பவருக்கு எதிரான செய்தி வரவே வராது என்கிறார்களே?

சில இடங்களில் வருவதில்லை. ஆனால் ‘இதைப் போடாதே’ என்று யாரோ தொலைபேசியில் சொல்வதாக மக்கள் கற்பனை செய்வதுபோல் அது அன்றாடம் நடப்பதில்லை. வாரன் பிரீட் என்ற சமூகவியலாளர் 1955-இல் எழுதிய கட்டுரையில், பத்திரிகையின் கொள்கை புதிதாகச் சேர்ந்தவருக்கு யாராலும் சொல்லப்படுவதில்லை என்றும், தன் செய்தியில் எந்த வரி வெட்டப்பட்டது, எது முதல் பக்கத்துக்குப் போனது என்பதைப் பார்த்துப் பார்த்து அவரே கற்றுக்கொள்கிறார் என்றும் விளக்கினார். நான் கண்டதும் அதுவே. பெரிய கட்டுமான நிறுவனம் ஒன்றைப் பற்றிய செய்தி இரண்டு முறை ‘இன்னும் சரிபார்க்க வேண்டும்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தால், மூன்றாவது முறை இளைஞர் அதை எழுதவே மாட்டார். தடுத்தவர் என்று சுட்டிக்காட்ட அங்கே ஒருவரும் இல்லை.

அரசு விளம்பரத்துக்கும் இது பொருந்தும். சிறிய பத்திரிகைகளுக்கு அரசு விளம்பரம் வருவாயில் பெரும் பங்கு என்பதால், அந்த அச்சம் அங்கே இன்னும் ஆழமாக வேலை செய்கிறது.

எதை வேண்டுமானாலும் போடட்டும், நான் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். எனக்கு என்ன பாதிப்பு?

உங்கள் கருத்தை மாற்றுவது கடினம் என்பதை ஆய்வாளர்களும் ஏற்கிறார்கள். தேர்வு வேலை செய்வது வேறிடத்தில். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 பேரிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று மெக்கோம்ஸ், ஷா என்ற இருவர் கேட்டார்கள். அவர்கள் சொன்ன வரிசையும், அவர்கள் படித்த, பார்த்த ஊடகங்கள் எந்தப் பிரச்சினைகளுக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்ற வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எந்தப் பக்கம் நிற்பது என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். எதைப் பற்றி நின்று யோசிப்பது என்பதைப் பெரும்பாலும் வேறொருவர் உங்களுக்காக முடிவு செய்துவிட்டிருக்கிறார்.

பாதிக்கப்பட்டவர் பெயரைக்கூட மறைக்கிறார்கள். உண்மையை மறைப்பது தவறில்லையா?

இந்த வாயில் சட்டம் கட்டியது, நியாயமானது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயரோடு முகவரி, பள்ளி, குடும்பம், சுற்றுப்புறம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் தடுக்கிறது. 2018-இல் கதுவா சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்ட ஊடக நிறுவனங்கள் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நடைமுறையில் தவறு நடப்பது பெயரில் அன்று. பெயரை விட்டுவிட்டு, ‘இன்ன ஊரில், இன்ன தெருவில் டீக்கடை நடத்துபவரின் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஊரில் உள்ள அனைவருக்கும் அது யார் என்று தெரிந்துவிடும். டெஸ்க்கில் இருப்பவர் அந்த ஊர்க்காரராகத் தம்மை நினைத்துக்கொண்டு படித்துப் பார்த்தால்தான் இது புலப்படும்.

கோரமான ஒரு படத்தைப் போடலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

உறுதியான சூத்திரம் இல்லை. ஒரு படத்தின் கதையைச் சொன்னால் விளங்கும். 1972 ஜூன் 8 அன்று, தெற்கு வியட்நாமின் டிராங் பாங் கிராமத்தின் மீது தென் வியட்நாம் விமானம் நேபாம் குண்டு வீசியது. ஆடை எரிந்து, உடல் வெந்து, நெடுஞ்சாலையில் அலறியபடி ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் புக்கைக் காட்டும் படம் அன்று மாலை ஏ.பி. நிறுவனத்தின் சைகோன் அலுவலகத்தில் கழுவப்பட்டது. நிக் ஊட் பெயரில் வெளியான படம் அது. எடுத்தவர் அவர்தானா என்ற விவாதம் 2025-இல் எழுந்தது, ஏ.பி. அவர் பெயரை மாற்றவில்லை.

படம் மேசைக்கு வந்ததும் அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் அதை நிறுத்திவிட்டார். உடலின் முன்பக்கம் தெரியும் நிர்வாணப் படங்களை அனுப்புவதில்லை என்பது நிறுவன வழக்கம். அந்த வழக்கத்தின்படி அவர் செய்தது சரியே. சற்று நேரத்தில் உள்ளே வந்த புகைப்படப் பிரிவுத் தலைவர் ஹார்ஸ்ட் ஃபாஸ் படத்தைப் பார்த்தார். அது போயே ஆக வேண்டும் என்று வாதிட்டார். நியூயார்க்கில் இருந்த ஹால் பியூவெல், நிர்வாணம் பற்றிய தயக்கத்தைவிடச் செய்தியின் முக்கியத்துவம் பெரிது என்று ஒத்துக்கொண்டார். சிறுமியை மட்டும் தனியே நெருக்கமாகக் காட்டும்படி வெட்டி அனுப்பக்கூடாது என்ற நிபந்தனையோடு படம் வெளியேறியது. 1973-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

விதி ஒன்று இருந்தது. விதியைக் காட்டி நிறுத்தியவர் ஒருவர் இருந்தார். விதிவிலக்குக்கு வாதாடியவர் ஒருவர் இருந்தார். இணங்கியவர் ஒருவர் இருந்தார். இந்த நால்வகைப் பங்கும் மனிதர்களிடம் இருந்ததால், முடிவு சில மணி நேரத்துக்குள் மாறியது.

இப்போது பேஸ்புக்கில் எல்லாரும் எதையும் போடலாம். இனி வாயில்காப்போருக்கு வேலை ஏது?

மேலே சொன்ன அதே படத்துக்கு 2016-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். நார்வே எழுத்தாளர் டாம் எகிலான் போரின் வரலாற்றை மாற்றிய படங்களைப் பற்றிப் பேஸ்புக்கில் எழுதியபோது இதையும் சேர்த்தார். குழந்தையின் நிர்வாணம் என்ற காரணத்தால் நீக்கப்பட்டது; அவர் கணக்கும் முடக்கப்பட்டது. இதைச் செய்தியாக்கிய ‘ஆஃப்டன்போஸ்டன்’ நாளிதழ் தன் பக்கத்தில் படத்தைப் பகிர்ந்தபோது, அதை எடுக்கும்படி அல்லது மங்கலாக்கும்படி பேஸ்புக்கிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பதில் எழுதுவதற்குள் பதிவே காணாமற்போனது. ஆசிரியர் எஸ்பன் எகில் ஹான்சன், மார்க் ஜக்கர்பெர்க்கை உலகின் மிக வலிமை வாய்ந்த ஆசிரியர் என்று அழைத்து முதல் பக்கத்தில் திறந்த மடல் எழுதினார். நார்வேயின் அன்றைய பிரதமர் எர்னா சூல்பர்க் படத்தைப் பகிர்ந்தார், அதுவும் நீக்கப்பட்டது. செப்டம்பர் 9 அன்று நிறுவனம் பின்வாங்கிப் படத்தை மீண்டும் அனுமதித்தது.

1972-இல் ஓர் அறைக்குள் ஒருவர் எழுப்பிய வாதத்தை, 2016-இல் எழுப்புவதற்கு ஒரு நாட்டின் மிகப் பெரிய நாளிதழும் பிரதமரும் தேவைப்பட்டார்கள். விதி இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு, பேசிப் பார்க்க எதிரில் ஒரு ஃபாஸ் இல்லாததுதான். சாதாரண மனிதர் ஒருவரின் பதிவு நீக்கப்பட்டால் அவருக்காக எந்தப் பிரதமரும் எழுதப்போவதில்லை. வாயில் போய்விடவில்லை, நிருபரும் டெஸ்க்கும் நின்ற இடத்துக்குப் பின்னால், வாசகருக்கு மிக அருகில், இன்னொரு வாயில் முளைத்திருக்கிறது.

ஆனால் அது கணினிதானே முடிவு செய்கிறது? மனிதரின் சார்பு அதில் கிடையாதே?

எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பவர் மனிதர். 2017-இல் பேஸ்புக், கோபம், சிரிப்பு போன்ற உணர்ச்சிக் குறிகளுக்கு ‘லைக்’கைவிட ஐந்து மடங்கு மதிப்பு வைத்திருந்தது என்பதை 2021-இல் வெளியான அதன் உள் ஆவணங்கள் காட்டின. கோபக் குறி அதிகம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் நச்சும் கூடுதலாக இருப்பதை நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டறிந்து எச்சரித்த பிறகு, அந்தக் குறியின் மதிப்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2020-இல் பூஜ்யமாக்கப்பட்டது. மிஸ்டர் கேட்ஸ் தாளின் மீது எழுதிய ‘சுவையில்லை’ என்ற குறிப்புக்கு ஈடான முடிவுதான் இதுவும்; அந்தக் குறிப்பு ஓர் ஊருக்குப் போன செய்தியை ஆண்டது, இந்த எண் கோடிக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் போனதை ஆண்டது.

மனிதரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. பேஸ்புக்கின் ‘டிரெண்டிங்’ பகுதியைத் தொகுத்தவர்கள் வலதுசாரிச் செய்திகளை ஒதுக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 2016 மே மாதம் எழுந்தது. ஆகஸ்டில் நிறுவனம் அந்தத் தொகுப்பாளர்களை நீக்கிவிட்டுப் பெரும்பாலும் மென்பொருளிடம் விட்டது. சில நாள்களுக்குள், ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் மெகின் கெல்லி பணிநீக்கம் செய்யப்பட்டார் என்ற பொய்ச் செய்தி அந்தப் பட்டியலில் மேலே ஏறியது. தொகுப்பாளர்களிடம் சார்பு இருந்ததோ இல்லையோ, ‘இது உண்மையா?’ என்று கேட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்தது.

சமூக வலைத்தளத்தால் மக்களின் குரல் பத்திரிகைக்கு வந்தது நல்லதுதானே?

நல்லதும் நடந்திருக்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது, வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் அழைப்புகள் முந்திக்கொண்டு போயின. செய்தி மேசைகள் பின்னால் ஓடின. மேலே சொன்ன, மாவட்டப் பக்கத்தில் அடைபட்டுவிடும் செய்திகளையும் இப்படி ஒரு காணொளி உடைத்துக்கொண்டு வரச் செய்திருக்கிறது.

மறுபக்கத்தைத் தமிழ்நாடு 2023 மார்ச்சில் பார்த்தது. பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று இந்தியில் காணொளிகள் பரவின. வட இந்திய ஊடகங்கள் சில அதைச் செய்தியாகவே வெளியிட்டன. பீகார் சட்டமன்றத்தில் பேசப்பட்டது. அங்கிருந்து அதிகாரிகள் குழுவே வந்தது. பரவியவற்றில் இரண்டு காணொளிகளைக் குறிப்பிட்டு அப்போதைய காவல் துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார்: ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் முன்பு நடந்த மோதல்; மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது. ஹோலிப் பண்டிகைக்காக ரயிலேறிய கூட்டத்தை அஞ்சி ஓடும் கூட்டம் என்று காட்டியதும் சேர்ந்துகொண்டது. திருப்பூர் நிருபர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தெளிந்திருக்கக்கூடியது இது. கேட்காததற்குக் காரணம், எல்லாரும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்பதையே போடுவதற்கான தகுதியாக அந்த மேசைகள் எடுத்துக்கொண்டன.

இணையச் செய்தி அறைகளில் இந்த நிமிடம் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டும் திரை இருக்கிறது. ஏறும் செய்திக்குத் துணைச் செய்தி எழுதச் சொல்வதும், ஏறாததை முதல் திரையிலிருந்து இறக்குவதும் அதைப் பார்த்தே நடக்கின்றன. முதலில் ஏறுவது எது என்பதைப் பேஸ்புக்கும் யூடியூபும் பெரிதும் தீர்மானிப்பதால், தளத்தின் மதிப்பெண் முறை செய்தி ஆசிரியரின் அறைக்குள்ளேயே வந்து அமர்ந்துவிடுகிறது. 2018 ஜனவரியில் பேஸ்புக், செய்தி நிறுவனங்களின் பதிவுகளைக் குறைத்து நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளை முன்னிறுத்தப்போவதாக அறிவித்தபோது, அதை நம்பித் திட்டமிட்ட தளங்கள் உலகெங்கும் வாசகரை இழந்தன. அவற்றில் எந்தச் செய்தியின் தரமும் அந்த வாரத்தில் மாறிவிடவில்லை.

ஒரு செய்தி வரவில்லை என்றால், வேண்டுமென்றே மறைத்தார்களா, தற்செயலாக விட்டுப்போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. முதலில் நேரத்தைப் பாருங்கள்: தொலைவு மாவட்டங்களுக்கான பதிப்பு இரவில் முன்னதாகவே அச்சுக்குப் போய்விடும், பின்னிரவில் நடந்தது உங்கள் ஊர்ப் பதிப்பில் இல்லாமல் நகரப் பதிப்பில் இருக்கலாம். மின்னிதழில் வேறு பதிப்புகளைப் புரட்டினால் இது தெரிந்துவிடும். மறுநாளும் இல்லை, போட்டிப் பத்திரிகைகள் மூன்றில் இருக்கிறது, இதில் மட்டும் இல்லை என்றால் ஐயத்துக்கு இடம் உண்டு. எந்தப் பத்திரிகையிலும் இல்லை என்றால், பெரும்பாலும் அது முதல் வாயிலிலேயே விழுந்திருக்கிறது.

மறைப்புக்கு உரிய அடையாளம் தொடர்ச்சி. ஒரே நிறுவனம், ஒரே கட்சி, ஒரே சமூகம் பற்றிய செய்திகள் ஒரு மாத காலத்தில் எந்தப் பக்கத்தில், எத்தனை பத்தித் தலைப்பில் வந்தன, யாருடைய கூற்று முதலில் இருக்கிறது, யாருடைய மறுப்பு கடைசி வரியில் இருக்கிறது என்று குறித்து வாருங்கள். முழுதாக விடப்பட்டவற்றைவிட, உள்பக்கத்தின் மூலையில் ஒற்றைப் பத்தியாகச் சுருக்கப்பட்டவை அதிகம் சொல்லும். சமூக வலைத்தளத்தைச் சோதிப்பதும் எளிது: நீங்கள் பின்தொடரும் நாளிதழின் தளத்துக்கு நேரடியாகச் சென்று அன்று அது வெளியிட்ட பதினைந்து செய்திகளை எழுதிக்கொண்டு, அவற்றில் எத்தனை உங்கள் சமூக வலைத்தள முகப்பில் தாமாக வந்தன என்று பாருங்கள். பேஸ்புக்கில் நேர வரிசைப்படி காட்டும் ‘ஃபீட்ஸ்’ பகுதியோடு ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரியும்.

பிறகு காரணம் கேட்டு எழுதுங்கள். தி இந்து ஆங்கில நாளிதழ் 2006-இல் வாசகர்களின் முறையீட்டைக் கேட்பதற்கென்றே தனி ஆசிரியர் ஒருவரை நியமித்தது. அத்தகைய பதவி இல்லாத பத்திரிகைகளிலும் செய்தி ஆசிரியருக்கு வரும் கடிதம் படிக்கப்படுகிறது. தேதி, பதிப்பு, பக்க எண், நீங்கள் ஒப்பிட்ட வேறு பத்திரிகையின் நறுக்கு ஆகியவற்றை இணைத்து, ‘இது ஏன் விடப்பட்டது?’ என்ற ஒரே கேள்வியோடு அனுப்புங்கள். ‘நீங்கள் விலைபோய்விட்டீர்கள்’ என்று தொடங்கும் கடிதத்துக்கு மேசையில் யாரும் காரணம் தேட மாட்டார்கள். குறிப்பிட்ட செய்தியைச் சுட்டிக் கேட்டால் அன்றைய பட்டியலை எடுத்துப் பார்ப்பார்கள்.